போன் வெளியே போனால் சவுண்ட்பொக்ஸ் ஏன் ஊமையாகிறது?

கேள்வி: ஹட்டனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கியூஆரில் காசு வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட்பொக்ஸ் ஒன்றை வங்கி தந்தது. அதை என் போனோடு புளூடூத்தில் சேர்த்து, போனின் ஹொட்ஸ்பொட்டையும் கொடுத்தேன். முதல் நாள் நன்றாகச் சொன்னது. இப்போது பாதி நேரம் பேசுவதே இல்லை. காசு மட்டும் கணக்கில் விழுகிறது. பெட்டியில் பழுதா?

பதில்: பெரும்பாலும் பெட்டியில் பழுது இருக்காது. வைஃபை வகைப் பெட்டியில் புளூடூத்துக்கு ஒரே ஒரு வேலைதான்: வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் போனிலிருந்து பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதன் பிறகு "இவ்வளவு ரூபா வந்தது" என்ற செய்தி இணையம் வழியாக நேராகப் பெட்டிக்கே வரும். உங்கள் பெட்டிக்கு இணையம் தருவது உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன். நீங்கள் சரக்கெடுக்க டவுனுக்குப் போனால் இணையமும் கூடவே போய்விடும்.

இதை உறுதிசெய்வது எளிது. போன் கடையில் இருந்து பெட்டியும் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், போனில் புளூடூத்தை மட்டும் நிறுத்திவிட்டு, வேறொருவர் போனிலிருந்து கியூஆரில் 10 ரூபா அனுப்பச் சொல்லுங்கள். பெட்டி பேசினால் அது புளூடூத்தில் அல்ல, இணையம் வழியாகத்தான் பேசுகிறது. புளூடூத்தை நிறுத்தியதும் ஊமையானால் அது வெறும் ஸ்பீக்கர். பேசுவது போனில் உள்ள செயலி. அப்படியானால் அந்தச் செயலிக்கு பற்றரிக் கட்டுப்பாட்டை நீக்கி, நோட்டிபிகேஷன் அனுமதியையும் கொடுக்க வேண்டும்.

போன் கடையில் இருக்கும்போதும் பெட்டி விட்டுவிட்டுப் பேசினால் ஹொட்ஸ்பொட் செட்டிங்கைப் பாருங்கள். இந்தப் பெட்டிகளில் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். புதிய போன்கள் சிலவோ 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறிவிடும். சாம்சங்கில் ஹொட்ஸ்பொட்டின் Band என்ற இடத்தில் 2.4 GHz என்று வையுங்கள். ஐபோனில் Maximize Compatibility என்பதைப் போடுங்கள். பாதுகாப்பு WPA3 என்றிருந்தால் WPA2 ஆக்குங்கள். யாரும் இணையாதபோது ஹொட்ஸ்பொட் தானாக அணையும் வசதி ஒன்றும் உண்டு. கரண்ட் போய்ப் பெட்டி சிறிது நேரம் அணைந்தாலும் அதனால் ஹொட்ஸ்பொட் நின்றுவிடும், பெட்டி திரும்ப எழும்பும்போது பிடிக்க ஒன்றும் இருக்காது. அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

ஹொட்ஸ்பொட்டின் பெயரோ பாஸ்வேர்டோ மாறினால் பெட்டிக்கு அது தெரியாது. வங்கியின் செயலிக்குள் போய் மறுபடி இணைக்க வேண்டும். பெயரை இடைவெளி, குறியீடு இல்லாமல் வெறும் ஆங்கில எழுத்தில் வைத்தால் தொல்லை குறைவு. போனின் புளூடூத் பட்டியலில் பெட்டியைத் தேடி Pair கொடுப்பதில் பயனில்லை. பழைய அன்ட்ரொயிட் போனென்றால் இணைக்கும் நேரத்தில் லொகேஷனும் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் செயலிக்குப் பெட்டி தென்படாது.

என்னைக் கேட்டால், கடையிலேயே கிடக்கும் ஒரு பழைய போனில் டேட்டா சிம் போட்டு, சார்ஜரோடு சிக்னல் நன்றாக வரும் ஜன்னலோரம் வையுங்கள். பெட்டி வாங்கப்போகிறவர்கள் சிம் உள்ளேயே இருக்கும் வகையைக் கேட்கலாம். ஆனால் அந்த சிம்மின் வலையமைப்பு உங்கள் கடைக்குள் எடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலைச்சரிவில் பத்தடி தள்ளினாலே சிக்னல் மாறும்.

பெட்டி பேசாத நேரத்தில் வாடிக்கையாளர் காட்டும் ஸ்க்ரீன்ஷொட்டை நம்பிச் சரக்கைக் கொடுக்காதீர்கள். உங்கள் செயலியின் வரவுப் பட்டியலில் தொகை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.