எந்த மருந்து ஈரலைக் கெடுத்தது?

ஐயா, என் வீட்டுக்காரருக்கு டிபி. கிளினிக்கில் தினம் நான்கு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் சாப்பாட்டைக் கண்டாலே வாந்தி, கண் மஞ்சளாகிவிட்டது. ரத்தம் பார்த்ததில் ஏஎல்டி 280. உடனே எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டார்கள். ஈரலைக் கெடுத்த மருந்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கொடுக்கக்கூடாதா? ஒரே மாத்திரையில் எதற்காக நான்கு மருந்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள அம்மா,

நிறுத்தியது சரிதான். ஏஎல்டி என்பது ஈரல் பாதிக்கப்படும்போது ரத்தத்தில் ஏறும் ஒரு நொதி. அது பொதுவாக 40-க்குள் இருக்க வேண்டும். வாந்தியோ காமாலையோ இருக்கும்போது அது மூன்று மடங்கைத் தாண்டினாலே நிறுத்திவிட வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு ஏழு மடங்கு. இதற்கு மேலும் மருந்தைத் தொடர்ந்திருந்தால் ஈரல் முழுதாகச் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம்.

அந்த மாத்திரையில் இருப்பவை ரிஃபாம்பிசின், ஐசோநயாசிட், பைராசினமைட், எதாம்பியூட்டால். நுரையீரலில் குழி விழுந்த ஒருவரிடம் பத்து கோடிக் கிருமிகள் இருப்பது சாதாரணம். இவற்றில் பத்து லட்சத்துக்கு ஒன்று ஐசோநயாசிடுக்கு மசியாததாகத் தானாகவே பிறந்திருக்கும். அதாவது முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே அப்படி நூறு கிருமிகள் அங்கே இருக்கின்றன. ஐசோநயாசிட் மட்டும் கொடுத்தால் மற்றவை சாகும், ஆள் தேறியதுபோல் தெரியும். அந்த நூறும் பெருகி சில மாதங்களில் நோய் திரும்பும், அப்போது அந்த மருந்து கேட்காது. 1948-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பலருக்கு நடந்தது இதுதான். ரிஃபாம்பிசினுக்கு மசியாத கிருமி பத்து கோடிக்கு ஒன்று. இரண்டுக்குமே மசியாதது கோடி கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த மனிதன் உடம்பிலும் கிடையாது. ஒருவேளை இவருக்குத் தொற்றிய கிருமியே ஐசோநயாசிடுக்கு மசியாததாக இருந்துவிட்டால் ரிஃபாம்பிசினைத் தனியாக விடக்கூடாது என்பதற்காகத்தான் எதாம்பியூட்டால். பைராசினமைட் அமிலச் சூழலில் பதுங்கியிருக்கும் கிருமிகளைக் கொல்கிறது. முதல் இரண்டு மாதம் அது இருப்பதால்தான் சிகிச்சை ஆறு மாதத்தில் முடிகிறது.

சிக்கல் என்னவென்றால், எதாம்பியூட்டாலைத் தவிர மற்ற மூன்றுமே ஈரலைத் தாக்கக்கூடியவை. ரத்தப் பரிசோதனையில் எது செய்த வேலை என்று தெரியாது. அதனால்தான் எல்லாவற்றையும் நிறுத்தி, காமாலை இறங்கி ஏஎல்டி இயல்புக்குப் பக்கத்தில் வரும்வரை காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் ஆகும். நோய் கடுமையாக இருந்தால் அந்த இடைவெளியில் ஈரலைத் தொடாத வேறு மருந்துகளைக் கொடுப்பார்கள். அவற்றிலும் ஒன்றை மட்டும் தனியாகக் கொடுக்காமல், பலவற்றைச் சேர்த்தேதான் கொடுப்பார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுப்பார்கள். முதலில் ரிஃபாம்பிசின், அதற்குத் துணையாக எதாம்பியூட்டால். சில நாள் கழித்து ரத்தம் பார்ப்பார்கள். ஏறவில்லையென்றால் ஐசோநயாசிட், மறுபடி ரத்தம். கடைசியாகச் சேர்த்த மருந்துக்குப் பிறகு ஏஎல்டி எகிறினால் அதுதான் குற்றவாளி. பைராசினமைட் கடைசியில் வரும். கண் மஞ்சளாகும் அளவுக்குப் போனவர்களுக்குப் பல மருத்துவர்கள் அதைத் திரும்பக் கொடுப்பதே இல்லை. என் கருத்தும் அதுதான். அதை விட்டால் சிகிச்சை ஒன்பது மாதமாக நீளும். அதைத் தண்டனையாக நினைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஒரு மருந்தின் வேலையைக் காலத்தால் ஈடுகட்டுகிறோம், அவ்வளவுதான்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது சிறுநீரின் நிறம். ரிஃபாம்பிசின் எடுத்த முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், கண்ணீர்கூட அப்படி ஆகலாம். அதில் பயம் இல்லை. ஆனால் அந்த மருந்து வழக்கமான அளவில் கண்ணின் வெள்ளையை மஞ்சளாக்காது. சிறுநீர் பால் விடாத கட்டித் தேநீர்போலக் கருத்து, கண்ணும் மஞ்சளாகி, சாப்பாடும் வெறுத்துப்போனால் அது காமாலை. மறுநாள்வரை காத்திருக்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே கிளினிக்குக்கு ஓடுங்கள். காமாலைக்கு என்று யாராவது கீழாநெல்லியோ கஷாயமோ சொன்னால் இப்போது வேண்டாம். ஏஎல்டி எதனால் ஏறுகிறது என்ற கணக்கையே அது குழப்பிவிடும். மதுவும் கூடவே கூடாது.

எதாம்பியூட்டால் இனி அவருக்கு முக்கியமான துணை. அது ஈரலை விட்டுவிட்டுக் கண் நரம்பைத் தொடும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் அதிகமாக. வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் செய்தித்தாளின் சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு சிவப்பும் பச்சையும் பளிச்சென்று தெரிகிறதா என்று கேளுங்கள். மங்கினால் அந்த மருந்தை உடனே நிறுத்த வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் திரும்பும்.

வீட்டில் மிச்சமிருக்கும் பழைய நாலு மருந்து மாத்திரைகளை இன்றே கிளினிக்கில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காய்ச்சல் வந்த ஒரு ராத்திரியில் அவர் அதில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டால் இத்தனை நாள் காத்திருந்தது வீணாகிவிடும்.