திட்டப் பதிவா, திடீர்ப் பதிவா: விற்பனைக் கணக்கு என்ன சொல்கிறது?

ஏற்காட்டிலிருந்து காபித் தூள் விற்பவர்: அக்கா, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அந்த வாரத்துச் சமூக ஊடகப் பதிவுகளுக்கு நேரம் குறித்து வைத்துவிடுகிறேன். இடையிடையே தோன்றும்போதும் போடுகிறேன். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான பட்டியலை அனுப்பியிருக்கிறேன். நேரம் குறித்தவை 36, இணையதளத்துக்கு வந்தவர்கள் 540 பேர், 18 ஆர்டர். திடீரென்று போட்டவை 12, வந்தவர்கள் 480 பேர், 24 ஆர்டர். ஞாயிறு வேலையை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். ஒரு பதிவுக்கு எவ்வளவு என்று வகுத்தால் திடீர்ப் பதிவுக்கு 40 பேரும் 2 ஆர்டரும், திட்டப் பதிவுக்கு 15 பேரும் அரை ஆர்டரும் வருகிறது. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் யாரும் உங்கள் முடிவுக்குத்தான் வருவார். ஆனால் பதிவு வாரியாக நீங்கள் எழுதிவைத்திருக்கும் பட்டியல் வேறு கதை சொல்கிறது.

மழைக்குப் பின் காபிச் செடிகள் வெள்ளையாகப் பூத்திருந்த படம் ஒன்று இருக்கிறது. அந்த ஒரே பதிவில் 290 பேர் வந்திருக்கிறார்கள், 13 ஆர்டர். அதைத் தனியே எடுத்து வையுங்கள். மீதி 11 திடீர்ப் பதிவுகளுக்கு 190 பேர், 11 ஆர்டர். வருகை பதிவுக்கு 17 என்று இறங்கி, திட்டப் பதிவுக்கு ஏறக்குறையச் சமமாகிவிடுகிறது. ஆர்டர் மட்டும் இன்னும் இரட்டிப்பாகவே இருக்கிறது. அதற்குக் காரணம் தேட, எதைப் பற்றிய பதிவு என்று பிரித்துப் பார்த்தேன்.

"இன்று வறுத்தது" என்று நீங்கள் போடுபவற்றில் திடீர்ப் பதிவு 5, அவற்றுக்கு 8 ஆர்டர். அதே பொருளில் நேரம் குறித்தவை 6, அவற்றுக்கு 9 ஆர்டர். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். இத்தனை சிறிய எண்களில் ஒரு ஆர்டர் கூடுவதும் குறைவதும் எதையும் நிரூபிக்காது. மிச்சமிருக்கும் 30 திட்டப் பதிவுகள் காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்தும் பொன்மொழியும். அவற்றுக்கு மொத்தமே 9 ஆர்டர். உங்கள் திட்டப் பதிவுகளின் சராசரியைக் கீழே இழுத்தவை இவைதான். நேரம் குறித்ததால் அவை தோற்கவில்லை. வாங்குவதற்கு ஒரு காரணமும் சொல்லாததால் தோற்றன. அதே வாழ்த்தைத் திடீரென்று போட்டிருந்தாலும் யாரும் காபித் தூள் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே ஞாயிறு வேலையைப் பாதியாகக் குறையுங்கள். வாழ்த்துகளை விட்டுவிட்டு, வறுக்கும் நாள்களுக்கு மட்டும் நேரம் குறியுங்கள். எந்த நாள் வறுக்கப் போகிறீர்கள் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். பூவைப் பொறுத்தவரை, கோடை மழை நன்றாகப் பெய்து ஏறக்குறைய எட்டுப் பத்து நாளில் மொக்கு விரிகிறது, சில நாளில் வாடிவிடுகிறது. மழை பெய்த அன்றே நாள்காட்டியில் குறித்துவைத்து, பார்சல் உறையும் இருப்பும் தயாராக இருந்தால், அந்தப் படத்துக்கு வரும் கூட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்பவர்: அம்மா, வணக்கம். அவருக்கு எந்தப் பதிவிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பது எப்படித் தெரிகிறது? எங்களுக்கு மொத்தக் கணக்கு மட்டும்தான் தெரிகிறது. அதோடு, எங்கள் வியாபாரம் பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலும் கடையிலும்தான் முடிகிறது.

ஒவ்வொரு பதிவுக்கும் தனி இணைப்பு கொடுக்கிறார். இணைப்பின் வாலில் கொஞ்சம் எழுத்து சேர்த்தால் போதும்:

```
https://example.com/kolusu?utm_source=facebook&utm_medium=social&utm_campaign=kolusu&utm_content=plan-0403
```

`utm_campaign` என்பதில் பொருளை எழுதுங்கள். `utm_content` என்பதில் திட்டப் பதிவென்றால் `plan`, திடீர்ப் பதிவென்றால் `spot`, பின்னால் தேதி. எப்போதும் சிறிய எழுத்தே போடுங்கள். `Plan` என்று ஒருநாளும் `plan` என்று மறுநாளும் எழுதினால், இணையதள வருகையைக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் இரண்டையும் வேறு வேறாக எண்ணும். `Traffic acquisition` அறிக்கையில் `+` குறியை அழுத்தி `Session manual ad content` என்பதைச் சேர்த்தால் பதிவு வாரியாக வரிசையாகத் தெரியும். இந்த வால் இல்லாமல் வாட்ஸ்அப்பில் பகிரப்படும் இணைப்புகள் பெரும்பாலும் `Direct` என்ற குவியலில் விழுந்துவிடும். அந்தக் குவியலைப் பின்னால் பிரிக்க வழியில்லை.

இன்ஸ்டாகிராமில் ஒரு சிக்கல் உண்டு. படத்துக்குக் கீழே எழுதும் இணைப்பை அங்கே அழுத்த முடியாது. முகப்பில் இருக்கும் இணைப்பைத்தான் எல்லாப் பதிவுக்கும் காட்டுகிறோம், அதனால் எல்லாம் கலந்துவிடுகிறது. ஸ்டோரியில் இணைப்பு ஒட்டலாம். அங்கே தனித்தனியாகக் கணக்கு வரும்.

உங்கள் வியாபாரத்துக்கு இதைவிட வாட்ஸ்அப் இணைப்பே பயன்படும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=K12%20vilai%20enna
```

இதை அழுத்துபவருக்கு "K12 vilai enna" என்ற செய்தி ஏற்கெனவே எழுதப்பட்டு நிற்கும், அவர் அனுப்பினால் போதும். பதிவுக்கு ஒரு குறி வைத்து, எந்தக் குறி திட்டப் பதிவு, எது திடீர்ப் பதிவு என்று நோட்டில் எழுதிவையுங்கள். கடைக்கு நேரில் வருபவரிடம் பில் போடும்போது "எந்தப் படம் பார்த்து வந்தீர்கள்?" என்று கேட்டுக் குறியுங்கள். எல்லோருக்கும் நினைவிருக்காது, ஆனால் மறதி இரண்டு வகைப் பதிவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் ஒப்பீடு பெரிதாகக் கெடாது.

கொலுசு பார்த்த அன்றே வாங்கும் பொருளன்று. வெள்ளி விலை இறங்கட்டும் என்று காத்திருப்பார்கள், வீட்டில் கேட்பார்கள். காபித் தூளுக்கு, பதிவு வெளியான ஏழு நாளுக்குள் வரும் ஆர்டரை எண்ணினால் போதுமென்றால் உங்களுக்கு ஒரு மாதமாவது வேண்டும். எத்தனை நாள் என்று முதலிலேயே முடிவுசெய்து, இரண்டு வகைக்கும் அதையே வையுங்கள்.

ஒரு வாசகர்: நேரம் குறித்துப் போடும் பதிவைத் தளங்களே குறைவான பேருக்குக் காட்டுகின்றன. அதனால்தான் அவருக்கு வருகை குறைவு. கையால் போடுவதே நல்லது என்பதற்கு வேறு கணக்கே தேவையில்லை.

வறுத்த காபிப் பதிவுகள் இரண்டு முறையிலும் ஒரே மாதிரி விற்றிருக்கின்றன என்பதை மேலே பார்த்தோம். தளம் தண்டித்திருந்தால் அங்கேயும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் கவனித்ததில் உண்மை ஒன்று இருக்கிறது: பதிவு தானாக வெளியாகும் நேரத்தில் நாம் கைபேசியை வைத்துவிட்டு வேறு வேலையில் இருப்போம். "விலை என்ன?" என்று கேட்டவருக்கு மூன்று மணி நேரம் கழித்துப் பதில் போகும், அதற்குள் அவர் போய்விடுவார். கையால் போட்டால் பதிலும் கையோடு போகிறது. இதைச் சோதிக்க, நேரம் குறித்த சில பதிவுகள் வெளியாகும்போது பக்கத்திலேயே இருந்து முதல் ஒரு மணி நேரம் பதில் சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் மறைந்தால் காரணம் பதில்தான். மறையாவிட்டால் உங்கள் சந்தேகத்தை நானும் ஏற்றுக்கொள்கிறேன்.

தட்டுவடை செட் கடைக்காரர்: சரி, எத்தனை மணிக்கு நேரம் குறித்தால் நன்றாக இருக்கும்? ஐந்தா, ஆறா? எனக்கு இணையதளம் கிடையாது.

நாம் பேசுவது வேறு விஷயம், தம்பி. ஆனாலும் சொல்கிறேன்: உங்கள் கடையில் கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள். பதிவு போட்ட நாள், போடாத நாள், மழை பெய்த நாள் என்று மூன்றையும் கல்லாக் கணக்கோடு எழுதி வந்தாலே உங்களுக்குப் போதும்.

சேலத்தில் ஜவ்வரிசி, வற்றல் இணையத்தில் விற்கும் ஒருவர்: உங்கள் விளக்கம் எனக்கு ஓரளவுதான் திருப்தி தருகிறது. நல்ல விஷயம் நடக்கும்போதுதானே திடீரென்று பதிவு போடுகிறோம்? அப்படியானால் திடீர்ப் பதிவு எப்போதும் நன்றாகத்தானே தெரியும்? உண்மையான சோதனை எது?

மிகச் சரியான கேள்வி. இன்னொரு பக்கமும் உண்டு. வற்றல் காய்ச்சி, வெயிலில் காயவைத்து, பொட்டலம் கட்டிக் களைத்த நாளில் எதுவும் தோன்றுவதில்லை, பதிவும் போடுவதில்லை. போடாத அந்த நாள் எந்தப் பட்டியலிலும் ஏறாது. திடீர்ப் பதிவை மட்டும் நம்பியிருப்பதால் வரும் நஷ்டம் அந்த வெற்று நாள்களில்தான் இருக்கிறது. பதிவோடு பதிவை ஒப்பிட்டால் அது கண்ணில் படவே படாது.

அதனால் வாரத்தோடு வாரத்தை ஒப்பிடச் சொல்கிறேன். அடுத்தடுத்த இரண்டு வாரங்களை ஒரு ஜோடியாக வையுங்கள். ஒரு வாரம் எல்லாவற்றுக்கும் முன்கூட்டி நேரம் குறிப்பது, மற்றொன்றில் எதையும் குறிக்காமல் தோன்றும்போது மட்டும் போடுவது. எது முதலில் என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்யுங்கள். நீங்களே தேர்ந்தெடுத்தால் நல்ல வாரத்தைப் பிடித்த முறைக்குக் கொடுத்துவிடுவீர்கள். ஆறு ஜோடி, அதாவது பன்னிரண்டு வாரம் செய்யுங்கள். பிறகு வாரத்தின் மொத்த வருகையையும் மொத்த விற்பனையையும் எழுதி, ஆறு ஜோடியில் எத்தனையில் திட்டம் வென்றது என்று எண்ணுங்கள். ஆறில் ஆறும் ஒரு பக்கம் விழுந்தால் நம்பலாம். நாலுக்கு ரெண்டு என்றால் அது நாணயம் சுண்டினாலே வரக்கூடிய முடிவு; மேலும் சில ஜோடிகள் தேவை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நடக்கும் வாரம், தீபாவளிக்கு முந்தின வாரம் போன்றவற்றைச் சோதனையில் சேர்க்காதீர்கள். அப்போது எந்த முறையானாலும் விற்பனை மாறும். முந்தைய வாரத்துப் பதிவைப் பார்த்து அடுத்த வாரம் வாங்குபவர்களும் இருப்பார்கள். அந்தக் கசிவைக் குறைக்க, வாரத்தின் முதல் இரண்டு நாள் விற்பனையை இரண்டு முறையிலும் கணக்கில் விட்டுவிடலாம். முழுவதும் நீங்காது.

பதிவுக்குச் செலவான நேரத்தையும் எழுதுங்கள். விற்பனை சமமாக இருந்து, திட்டமிட்ட வாரத்தில் உங்கள் நேரம் பாதியாகக் குறைந்திருந்தால் திட்டம் பலன் தந்துவிட்டது என்றே நான் கொள்வேன்.

ஏற்காட்டில் நாலு அறை வைத்து விருந்தினர் இல்லம் நடத்துபவர்: எங்களுக்கும் இந்தச் சோதனை சரிப்படுமா? மே மாத அறைகளைப் பலர் மார்ச்சிலேயே கேட்டுவிடுகிறார்கள்.

விற்பனையை வைத்துச் சரிப்படாது. நாலு அறைக்கு வாரத்தில் வரும் முன்பதிவு கைவிரலில் எண்ணக்கூடியது. பார்த்ததற்கும் பணம் கட்டுவதற்கும் இடையில் வாரக்கணக்கில் இடைவெளி. கோடை விழா நெருங்கினால் நீங்கள் எதுவும் போடாமலே அறை நிரம்பும். விசாரணைகளை மட்டும் எண்ணுங்கள், அதுவும் கூட்டமில்லாத ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். அங்கேயும் தெளிவான விடை வருமா என்று எனக்கு உறுதியில்லை.

காபித் தூள் விற்பவர் மீண்டும்: அக்கா, ஒன்று சொல்ல மறந்தேன். பூப் படத்தை எடுத்தது என் மகள். வழியில் பார்த்ததும் எடுத்து, மனத்தில் பட்டதை இரண்டு வரி எழுதினாள். பத்து நாள் முன்பே குறித்துவைத்தால் அந்த இரண்டு வரி வருமா?

வராமல் போகலாம். அதனால் குறித்துவைக்க வேண்டியது நாளை மட்டும்தான். வரிகளை அவள் அன்றைக்கே எழுதட்டும். அடுத்த முறை அந்த இணைப்பில் `spot` என்றும் போடாமல், `plan` என்றும் போடாமல், மூன்றாவதாக `ready` என்று ஒரு குறி வையுங்கள். இந்த வகையை நான் இதுவரை தனியாக எண்ணியதில்லை. உங்கள் பட்டியல் வந்தால் சேர்ந்து பார்ப்போம்.