மகள் அனுப்பும் உருகும் முகம்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 56 வயது. குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறேன். என் ஒரே மகள் ஆறு மாதங்களாக பெங்களூரில் கணினி வேலையில் இருக்கிறாள். முன்பெல்லாம் நிறைய எழுதுவாள். இப்போது பதிலோடு ஏதாவதொரு முகத்தை ஒட்டிவிடுகிறாள். "வேலை எப்படிம்மா?" என்று கேட்டால் "நாளைக்கு ரிவ்யூ 🫠" என்று வருகிறது. பாட்டிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியபோது 🥹 வந்தது. அழுகிறாள் என்று பயந்து இரவு பதினோரு மணிக்கு போன் செய்தேன், அவள் சிரித்தாள். "வீட்டுக்கடன் தவணைக்கு ஐயாயிரம் அனுப்பு" என்றதற்கு 🫡 மட்டும் வந்தது. கம்மவான்பேட்டைக்காரரான என் மைத்துனர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் இதைப் பார்த்து, "அப்பனையே கிண்டல் செய்கிறாள்" என்றார். உருகும் முகம்தான் என்னை உறங்கவிடவில்லை. என் மகள் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருக்கிறாளா?

– ஒரு தந்தை, குடியாத்தம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் குறிப்பிட்ட மூன்று முகங்களும் ஒரே ஆண்டில் பிறந்தவை. எமோஜிகளுக்கு எண் வழங்கும் யூனிகோட் அமைப்பு 2021 செப்டம்பரில் வெளியிட்ட தொகுப்பில் இவை சேர்ந்தன. நம் கைபேசிகளுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் 2022இல்தான். என் அக்கா மகன் முதன்முதலில் இவற்றில் ஒன்றை அனுப்பியபோது என் பழைய கைபேசியில் வெறும் கட்டம்தான் தெரிந்தது. அவன் ஏதோ கோபத்தில் இருக்கிறான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். இவற்றின் பொருள் உங்கள் மகள் வயதுள்ளவர்களின் பேச்சுப் புழக்கத்தில் உருவானது என்பதால், படத்தை மட்டும் வைத்துப் பொருள் காண முயலும் நம் வயதினர் தடுமாறுவது இயல்பே.

உருகும் முகத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். முகம் கீழே வழிந்து குட்டையாகத் தேங்குகிறது, ஆனால் புன்னகை மட்டும் அழியாமல் இருக்கிறது. இது தற்செயலாக அமைந்ததன்று. எமோஜித் துறையில் பணியாற்றும் ஜெனிஃபர் டேனியலும், சித்திரக்கதைகளின் காட்சிமொழியை ஆராயும் நீல் கோனும் சேர்ந்து இதை முன்மொழிந்தார்கள். ஜப்பானிய மாங்கா சித்திரக்கதைகளில் ஒரு பாத்திரம் தாங்க முடியாத சங்கடத்துக்கு ஆளாகும்போது, அவர் காகிதமாக மாறிக் காற்றில் பறந்துவிடுவதாக வரையும் மரபு உண்டு. அதைப் போன்ற ஒன்றைத் தேடியே அவர்கள் உருகுதலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆகவே "என்னால் முடியவில்லை, ஆனாலும் சிரித்துச் சமாளிக்கிறேன்" என்ற இரண்டு பாதிகளும் இந்த ஒரே முகத்தில் இருக்கின்றன. வெட்கம், வேலைப்பளு, சங்கடம், கிண்டல் எல்லாவற்றுக்கும் இது பயன்படுகிறது. மே மாதத்தில் வேலூரில் இருக்கும் ஒருவர் இதை அனுப்பினால், வெயிலைத் தவிர வேறெந்தப் பொருளும் தேட வேண்டியதில்லை.

அழுகின்ற முகத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அழும் முகம் துயரத்தை நேராகச் சொல்கிறது. உருகும் முகம் தன் துயரத்தைப் பார்த்துத் தானே சிரிக்கிறது. தன்னைப் பார்த்துச் சிரிக்க முடிகிறவர் பெரும்பாலும் தன் நெருக்கடியிலிருந்து ஓரடியாவது விலகி நிற்கிறார் என்பது ஆறுதல்தான். ஆனால் சிரிப்பு ஒரு திரையாகவும் இருக்கக்கூடும் என்பதால், இந்த முகத்தைப் பார்த்து நலமாக இருக்கிறாள் என்றும் முடிவுகட்ட முடியாது, உடைந்துவிட்டாள் என்றும் முடிவுகட்ட முடியாது.

அதனால் முகத்தை எடுத்துவிட்டு மீதியைப் படியுங்கள். "நாளைக்கு ரிவ்யூ" என்பது எஞ்சுகிறது. அது ஒரு செய்தி. அதில் காரணமும் இருக்கிறது, நாளும் இருக்கிறது. மேலதிகாரிகள் தன் வேலையைச் சரிபார்க்கப்போகிறார்கள் என்ற படபடப்பை உங்களிடம் சொல்லவே செய்திருக்கிறாள்; முகம் அதற்கு ஒரு பெருமூச்சு போல. நான் கவலைப்படுவது வேறொரு வகையான பதிலைப் பார்த்தால்தான்: "சாப்பிட்டாயா?" என்பதற்கும் 🫠, "ஊருக்கு எப்போது வருகிறாய்?" என்பதற்கும் 🫠, அதுவும் சொற்களே இல்லாமல், நள்ளிரவு கடந்து, நாள்கணக்கில், கூடவே வழக்கமான ஞாயிற்றுக்கிழமை அழைப்பைத் தவிர்ப்பதும், உணவும் உறக்கமும் குலைவதும் சேர்ந்திருந்தால். அப்போதும் நாம் கவனிப்பது எமோஜியை அன்று, அவளுடைய பழைய வழக்கத்திலிருந்து ஏற்பட்டிருக்கும் மாற்றத்தைத்தான். முன்பு நிறைய எழுதியவள் இப்போது குறைவாக எழுதுகிறாள் என்று நீங்கள் சொல்வதை நான் குறித்துக்கொள்கிறேன். புது வேலையின் ஆறு மாதத்தில் அது நேர்வதுண்டு என்றாலும், அதை நீங்கள் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

கண்ணீரை அடக்கும் முகத்தில் உங்களுக்கு நேர்ந்த குழப்பத்துக்கு எளிய விடை உண்டு. அது பெரும்பாலும் துயரக் கண்ணீருக்குரியது அன்று. மகிழ்ச்சியிலோ நெகிழ்ச்சியிலோ பெருமிதத்திலோ கண் நிறைந்து, வழியாமல் நிற்கும் நிலைக்குரியது. பாட்டிக்குக் கண் பார்வை திரும்பியதை அறிந்த பேத்தி அனுப்புவதற்கு இதைவிடப் பொருத்தமான முகம் எனக்குத் தெரியவில்லை. கெட்ட செய்திக்குப் பதிலாக வந்தால் அதே முகம் உண்மையான வருத்தமாகிவிடும். முன்னால் நீங்கள் எழுதிய வாக்கியம்தான் அதன் பொருளைத் தீர்மானிக்கிறது.

சல்யூட் அடிக்கும் முகத்தைப் பற்றி உங்கள் மைத்துனர் சொன்னதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். வீட்டுக்கு வீடு ராணுவ வீரர் என்று பெயர்பெற்ற ஊர்க்காரருக்கு, கையை நெற்றிக்கு உயர்த்துவது விளையாட்டாகத் தோன்றாது. ஆனால் இளையவர்களிடம் அது முதலில் "உத்தரவு, செய்துவிடுகிறேன்" என்பதன் சுருக்கம். அதற்கு மரியாதை என்ற பொருளும் உண்டு, விடைபெறுதல் என்ற பொருளும் உண்டு: 2022 நவம்பரில் ட்விட்டர் நிறுவனம் பெருமளவில் ஆட்குறைப்பு செய்தபோது, வெளியேறிய ஊழியர்கள் பலர் தம் கடைசிப் பதிவில் இதையே இட்டார்கள். கேலியாகவும் சிலர் இடுவார்கள். நியாயமற்ற வேலையைத் தலையில் கட்டும் மேலதிகாரியைப் பற்றி நண்பர்கள் குழுவில் இதைப் போடுவது அப்படித்தான். எது என்பதை அடுத்து நடந்தது காட்டும். அந்த ஐயாயிரம் வந்து சேர்ந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. முணுமுணுப்பின்றி வந்திருந்தால் அது "சரிங்கப்பா" என்பதே. வராமல், தவணை பற்றிய பேச்சையே அவள் தவிர்த்தால், பணத்தைப் பற்றித்தான் நீங்கள் இருவரும் பேச வேண்டும், முகத்தைப் பற்றி அன்று.

இனி எப்படிக் கேட்பது என்பதைச் சொல்கிறேன். "ஏன் இப்படிப் பொம்மை போடுகிறாய்?" என்று கேட்டால் அடுத்த வாரம் முதல் பொம்மையும் வராது. ரிவ்யூ முடிந்த மறுநாள் மாலை, அவள் அலுவலகத்திலிருந்து அறைக்குத் திரும்பியிருக்கும் நேரமறிந்து போன் செய்து, "அன்றைக்கு உருகுகிற முகம் போட்டிருந்தாயே, ரொம்ப வேலையா, சும்மா விளையாட்டா? எனக்கு அது புரியவில்லை, சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் அப்பாவிடம் பிள்ளைகள் சற்று நீளமாகவே பேசுவார்கள். அந்தப் பேச்சில் அவள் உறக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றிக் கேளுங்கள்; அறிவுரையைத் தள்ளிவையுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற பொருளில் எதையாவது அவள் சொன்னால், அது சிரிப்போடு வந்தாலும் அப்படியே நம்பி, அன்றே நேரில் போய்விடுங்கள். குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலிலேயே சில மணி நேரந்தான். தொலைபேசியில் மனநல உதவி தேவைப்பட்டால் 14416 என்ற அரசு எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.