கோர்ட்டில் விவாகரத்து ஆயிற்று, கோயிலில் ஏன் ஓலை வாசிக்கவில்லை?

(பதில் சொல்பவர், கத்தோலிக்க மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தில் மனுதாரர்களுக்கு உதவுபவர்)

நான் சி.எஸ்.ஐ. கோர்ட்டில் டைவர்ஸ் வாங்கிவிட்டேன். எனக்குப் பார்த்திருப்பவர் ஆர்.சி. எங்கள் திருமண அறிவிப்பான ஓலையைக் கோயிலில் வாசிக்கச் சாமியார் மறுக்கிறார். நான்தான் கத்தோலிக்கப் பெண்ணே இல்லையே?

உங்கள் முதல் கணவரும் ஞானஸ்நானம் பெற்றவர் என்றால், சி.எஸ்.ஐ. கோயிலில் நடந்த அந்தத் திருமணத்தைக் கத்தோலிக்கச் சபை செல்லுபடியானதாகவே எடுத்துக்கொள்ளும். கோர்ட் தீர்ப்பு அதை முறிக்காது. உங்கள் பேராயரே மறுமணத்துக்கு அனுமதி தந்தாலும் நிலைமை இதுதான். அந்த முதல் திருமணம் செல்லாது என்று எங்கள் நீதிமன்றம் அறிவித்தால்தான் வழி திறக்கும்.

என் முதல் கணவர் இன்னொரு பெண்ணோடு போய்விட்டார். வேசித்தனத்துக்கு விதிவிலக்கு தரும் மத்தேயு 19:9 இருக்கிறதே, அது போதாதா?

உங்கள் சபையில் போதலாம். பல சீர்திருத்தச் சபைகள் அந்த வசனத்தை வைத்தே மறுமணத்தை ஏற்கின்றன. பெந்தெகொஸ்தே போதகர்களிலோ, பிரிந்து வாழலாம், மறுமணம் கூடாது என்பவர்களும் உண்டு. இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. மாற்கு 10-ல் அந்த விதிவிலக்கு இல்லை என்பதைக் கத்தோலிக்கர்கள் சுட்டிக்காட்டுவார்கள்.

எங்கள் நீதிமன்றம் கேட்பது வேறு: தாலி கட்டிய அன்று அவர் மனதில் என்ன இருந்தது? பிறகு செய்த துரோகம் எவ்வளவு கொடியதானாலும், அது மட்டுமே காரணமாகாது. 'பிள்ளையே வேண்டாம், வீட்டுக்காகத்தான் கட்டுகிறேன்' என்று திருமணத்துக்கு முன்பே நண்பரிடம் சொல்லியிருந்தார் என்று வையுங்கள். அந்த நண்பர் வந்து சாட்சி சொன்னால் வழக்கு நிற்கும். திருமணத்துக்குப் பிறகு நடந்த சண்டைகளை மட்டும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருகிறார்கள். அங்கேதான் பெரும்பாலான மனுக்கள் தடுமாறுகின்றன. கணவர் அழைப்பாணைக்குப் பதிலே தராவிட்டாலும் விசாரணை நடக்கும். ஆனால் திருமணம் செல்லும் என்று வாதாடவே ஒருவர் நியமிக்கப்படுவார், அவரையும் தாண்ட வேண்டும். முன்பெல்லாம் இரண்டு நீதிமன்றங்கள் ஒத்துப்போக வேண்டும். 2015-ல் போப் பிரான்சிஸ் அதை நீக்கினார். மேல்முறையீடு இல்லாவிட்டால் இப்போது ஒரு தீர்ப்பு போதும்.

என் சித்தப்பா மகன் சபைத் தீர்ப்பை மட்டும் வைத்தே மறுமணம் செய்தான். கோர்ட் எதற்கு?

அவரை உடனே ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். சபை தரும் தீர்ப்பு அரசுச் சட்டத்தின்படி திருமணத்தை முடிக்காது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் திருமணம் சட்டப்படி நீடித்தால் இரண்டாவது செல்லாது. நாங்களும் பொதுவாகக் கோர்ட் ஆணையைக் கொண்டுவரச் சொல்லித்தான் மனுவை வாங்குவோம்.

அப்போ, என் முதல் திருமணம் செல்லாது என்று அறிவித்தால், என் பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்களா? மாமியார் அப்படித்தான் சொல்கிறார்.

இல்லை அம்மா. பெற்றோரில் ஒருவராவது நல்ல நம்பிக்கையோடு மணந்திருந்தால் பிள்ளைகள் முறையானவர்களே. சபைச் சட்டத்தில் அது எழுத்திலேயே இருக்கிறது.

ஆர்த்தடாக்ஸ் சபையில் மறுமணம் உண்டாமே? அங்கே போய்க் கட்டிக்கொண்டால்?

உண்டு. மனித பலவீனத்துக்கு இரங்கி, மனந்திரும்புதல் ஜெபங்களோடு இரண்டாவது மணத்தை அனுமதிப்பார்கள், அரிதாக மூன்றாவதையும். ஆனால் முதல் துணை உயிரோடிருக்க அங்கே நடந்த மறுமணத்தைக் கத்தோலிக்கச் சபை ஏற்பதில்லை. நீங்கள் கடைசியில் எங்களிடமே வரவேண்டியிருக்கும்.