ரீஃபில் சலூனுக்கு என்ன போர்டு வைக்கலாம்? கேள்வி பதில்

திருப்பூரில் சலூன் வைத்திருக்கிறேன் அக்கா. ஷாம்பு 1 லிட்டர் பாட்டிலை விட்டுட்டு 5 லிட்டர் கேனுக்கு மாறிட்டோம். அஞ்சு பாட்டிலுக்கு ஒரு கேன். "80% பிளாஸ்டிக் குறைவு"ன்னு எழுதலாம்தானே?

எண்ணிக்கையில் 80 சரி தம்பி, எடையில் வராது. கேன் தடிமனாக இருக்கும். காலி பாட்டில், காலி கேன் இரண்டையும் மூடியோடு தராசில் வைத்துப் பாருங்கள். நான் ஒரு கடையில் நிறுத்தபோது பாட்டில் 70 கிராம், கேன் 210 கிராம் இருந்தது. ஐந்து பாட்டிலுக்கு 350. ஆக மிச்சம் 140 கிராம், அதாவது 40 சதவீதம்தான். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது! ஆனாலும் 40 நல்ல எண்தான். போர்டில் இப்படி எழுதச் சொன்னேன்: "ஷாம்புவுக்கு மட்டும். 1 லிட்டர் பாட்டிலுக்குப் பதில் 5 லிட்டர் கேன். அதே அளவு ஷாம்புக்குப் பிளாஸ்டிக் எடை 40% குறைவு." எடை போட்டபோது எடுத்த படத்தையும் கேன் வாங்கிய பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள். பேசினில் வைக்கப் புது பம்ப் பாட்டில் வாங்கியிருந்தால் அதன் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"ஈகோ ஃப்ரெண்ட்லி"ன்னு போடவே தடை வந்தாச்சே?

பாதி சரி. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. சொல்லுக்குத் தடை இல்லை. எந்த விதத்தில் என்ற விளக்கம் கூடவே இருக்க வேண்டும், கேட்டால் ஆதாரமும் காட்ட வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

என்னுடையது சின்ன ஹேர் ஆயில் பிராண்டு. ரீஃபில் பை "முழுக்க மறுசுழற்சி ஆகும்"னு சப்ளையர் சொல்றார்.

பையைக் கத்தரித்து ஓரத்தை நகத்தால் பிரித்துப் பாருங்கள். ஏடு ஏடாக உரிந்தாலோ, உள்ளே வெள்ளி நிறம் மின்னினாலோ பல அடுக்குப் பை. அந்த அடுக்குகளைப் பிரிப்பது கஷ்டம், காயலான் கடைக்காரரும் பெரும்பாலும் தொடமாட்டார். உரியாவிட்டால் உடனே நம்பிவிடவும் வேண்டாம், சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள். பை பாட்டிலை விட எடை குறைவு என்பது உண்மையாக இருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள்.

ரீஃபில்னா மீதி ஷாம்பு மேலேயே புதுசை ஊத்துறதுதானே? நாங்க கொஞ்சம் தண்ணியும் சேர்ப்போம்.

ஐயோ, வேண்டாம்! தண்ணீர் சேர்த்தால் கெடாமல் காக்கும் மருந்து நீர்த்துப்போய்க் கிருமி வளரும். பாட்டிலைக் கழுவி, முழுக்கக் காயவைத்து நிரப்புங்கள். கேனில் உள்ள பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் பாட்டிலில் ஒட்டுங்கள்.

மறுபடி திருப்பூர்தான் அக்கா. டீலர் காலி கேனைத் திரும்ப வாங்கிக்கிறார். அப்போ "குப்பையே இல்லை"ன்னு போடலாமா?

வாங்கிப்போய்க் கழுவி மறுபடி நிரப்புகிறாரா, எடைக்குப் போடுகிறாரா? அவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.