மேற்கோள் குறிப்பு முற்றுப்புள்ளிக்கு முன்பா, பின்பா?

பல பகுதிகள் கொண்ட வாக்கியத்தில் மேற்கோள் குறிப்பை எங்கே இடுவது?

ஒரு தகவல் எந்த நூலிலிருந்து வந்தது என்று காட்டும் அடையாளமே மேற்கோள் குறிப்பு. ஆசிரியர் பெயரும் ஆண்டும் கொண்ட அடைப்புக்குறி வாக்கியத்தின் உறுப்பு என்பதால், பெரும்பாலான நடைகளில் முற்றுப்புள்ளிக்கு முன் வரும். மேலெழுத்து எண்ணோ பெரும்பாலும் நிறுத்தக்குறிக்குப் பின் வரும். முற்றுப்புள்ளியைப் பெட்டியின் மூடியாகக் கொண்டால், முன்னது பெட்டிக்குள் வைக்கும் பொருள், பின்னது மூடிமேல் ஒட்டும் சீட்டு.

“கடல்மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது,¹ ஆனால் உயர்ந்த மலைகளில் அதற்கும் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடுகிறது.²” இரு செய்திகளும் இரு நூல்களிலிருந்து வருவதால், முதல் எண் காற்புள்ளியை ஒட்டியே நிற்க வேண்டும், இரண்டையும் இறுதியில் சேர்த்தால், எந்த நூல் எதற்குச் சான்று என்பதை வாசகர் அறிய வழியில்லை.

இறுதியில் இட்ட ஒரே குறிப்பு முழு வாக்கியத்துக்கும் தானாகவே பொருந்திவிடும் என்று பலர் கருதுகின்றனர். அந்த நூல் எல்லாப் பகுதிகளையும் உண்மையில் கூறியிருந்தால் மட்டுமே அது பொருந்தும்.