ஒரு பனியனும் டாலர் விலையும்

வணக்கம் சார். பணவீக்கம் பற்றி எழுதும்போது, "நம் விலைவாசி மற்ற நாடுகளைவிட வேகமாக ஏறிக்கொண்டே இருந்தால் ரூபாய் வெளியிலும் இறங்கும்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்குப் பிடிபடவில்லை. ஈரோடு சந்தையில் தக்காளி விலை ஏறினால் டாலர் விலை ஏன் ஏற வேண்டும்? தக்காளியை அமெரிக்காவுக்கா விற்கிறோம்? இன்னொன்று. 2025-ல் நம் பணவீக்கம் மிகவும் குறைந்துவிட்டது என்றார்கள். அந்த வருடம்தானே டாலர் 90 ரூபாயைத் தாண்டியது?
எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

தக்காளி அமெரிக்காவுக்குப் போவதில்லை. ஆனால் அந்தத் தக்காளியை வாங்கிச் சமைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர் தைக்கும் பனியன் போகிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்பூரிலிருந்தே தொடங்குகிறேன்.

பனியன் ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவர் முன்பெல்லாம் காஸ்டிங் ஷீட்டைப் பென்சிலில்தான் போடுவார். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல் கூலி, செக்கிங், பேக்கிங், துறைமுகம் வரை லாரி வாடகை என்று வரிசையாக எழுதிக் கூட்டுவார். தாளின் வலது மேல் மூலையில் அன்றைய டாலர் விலையை எழுதி ஒரு வட்டம் போட்டிருப்பார். கீழே வரும் ரூபாய்க் கூட்டுத்தொகையை அந்த வட்டத்தில் இருக்கும் எண்ணால் வகுத்தால், சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரரிடம், அதாவது பையரிடம், சொல்ல வேண்டிய விலை கிடைக்கும். உங்கள் கேள்விக்கான பதில் அந்த வகுத்தலில் இருக்கிறது.

புரிவதற்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். 2010-ல் டாலர் 45 ரூபாய். ஒரு டி-ஷர்ட்டுக்கு அடக்கம் 126 ரூபாய், லாபம் 9 ரூபாய், ஆக 135. பையருக்குச் சொல்லும் விலை 3 டாலர். இப்போது இந்தியாவில் எல்லாச் செலவும் வருடத்துக்கு 9 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். அரிசி, வாடகை, காய்கறி எல்லாம் ஏறினால் டெய்லர் பழைய பீஸ் ரேட்டில் எத்தனை நாள் தைப்பார்? கூலி ஏறும். மின்சாரம், லாரி வாடகை எல்லாம் ஏறும். இரண்டு வருடத்தில் அடக்கம் 150 ரூபாய் ஆகிவிடும். பையரின் ஊரிலோ விலைவாசி வருடத்துக்கு 2 சதவீதம்தான் ஏறுகிறது. அவர் அதற்கேற்ப 3 டாலர் 12 சென்ட் தரலாம், அதற்கு மேல் தரமாட்டார். டாலர் இன்னும் 45-லேயே இருந்தால் கைக்கு வருவது 140 ரூபாய். பீஸுக்குப் பத்து ரூபாய் நஷ்டம்.

விலையை மூன்றரை டாலருக்கு ஏற்றினால்? ஆர்டர் வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ போய்விடும். ஏற்றாவிட்டால் கம்பெனி மெல்லத் தேய்ந்துபோகும். இரண்டில் எது நடந்தாலும் திருப்பூரிலிருந்து வங்கிக்கு வரும் டாலர் குறைகிறது.

அதே முதலாளி தையல் மெஷின் வாங்கப் போகும்போது கணக்கு தலைகீழாகிறது. உள்ளூர்ப் பொருளின் விலை இரண்டு வருடத்தில் 19 சதவீதம் ஏறியிருக்கும். வெளிநாட்டு மெஷின் 4 சதவீதம்தான் ஏறியிருக்கும், டாலரும் பழைய விலையிலேயே கிடைக்கிறது. அவர் இறக்குமதி மெஷினைத்தான் வாங்குவார். அதற்கு டாலர் வேண்டும். இப்படி நாடு முழுக்கக் கொண்டுவருகிறவர்கள் குறைந்து கேட்கிறவர்கள் கூடினால், மற்ற எந்தச் சரக்கையும் போல டாலரும் விலை ஏறத்தானே செய்யும்?

எதுவரை ஏறும்? மேலே சொன்ன கணக்கில் டாலர் 51 ரூபாய் 40 காசுக்கு வந்தால் நம் ஏற்றுமதியாளர் 2010-ல் இருந்த அதே நிலைக்குத் திரும்பிவிடுவார். 45-ஐ 1.09-ஐ 1.02-ஆல் வகுத்து வரும் எண்ணால் இரண்டு முறை பெருக்கினால் அந்த விலைதான் வரும். அதாவது இரண்டு நாட்டுப் பணவீக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுக்கு ரூபாய் இறங்க வேண்டியிருக்கிறது. இங்கே 9, அங்கேயும் 9 என்றால் இறங்க வேண்டிய தேவையே இல்லை. இதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நம் பணவீக்கத்தை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, பக்கத்தில் மற்ற நாட்டினுடையதையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு மாதத்து எண் போதாது. மழையில் தக்காளி 100 ரூபாய்க்குப் போய் அடுத்த மாதமே 20-க்கு இறங்கினால் யாரும் பீஸ் ரேட்டை மாற்றுவதில்லை.

சரி, உண்மையில் என்ன நடந்தது? 2010-க்கும் 2013-க்கும் இடையே இந்தியாவில் சில்லறை விலைவாசி வருடத்துக்கு 9-லிருந்து 11 சதவீதம் வரை ஏறியது. மூன்று வருடத்தில் கூட்டாகச் சுமார் 32 சதவீதம். அமெரிக்காவில் அதே காலத்தில் 7 சதவீதம்தான். 2010-ல் டாலரின் சராசரி விலை 45 ரூபாய் 70 காசு அளவில் இருந்தது. மேலே செய்த பெருக்கலைச் செய்தால் 2013-க்கு 56 ரூபாய் சொச்சம் வருகிறது. அந்த வருடத்தின் உண்மையான சராசரி சுமார் 58 ரூபாய் 50 காசு.

இந்த நெருக்கத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. 2007-ஐத் தொடக்கமாக வைத்துக்கொண்டால் கணக்கு 65 ரூபாய் என்று சொல்லும். எந்த வருடத்தில் தொடங்குகிறோமோ அதற்கேற்ப விடை மாறும். தவிர, அந்த மூன்று வருடமும் டாலர் படிப்படியாக ஏறவில்லை. 2011 ஜூலையில்கூட 44-45 ரூபாயில்தான் இருந்தது. இங்கே விலைவாசி கொதித்துக்கொண்டிருந்தபோது டாலர் அசையாமல் நின்றது. ஏன்? அமெரிக்காவில் வட்டி பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தது, அந்தப் பணம் லாபம் தேடி நம் பங்குச் சந்தைக்குள் வந்தது. திருப்பூர் கொண்டுவராத டாலரை வெளிநாட்டு முதலீட்டாளர் கொண்டுவந்தார். ஆக, விலைவாசி வித்தியாசத்தால் சேர்ந்த அழுத்தம் வெளியே தெரியவில்லை.

அந்தக் காலத்தில் வீடுகளுக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும், எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வங்கியில் டெபாசிட் போட்டால் 9 சதவீதம் வட்டி, விலைவாசி 10 சதவீதம். சேர்த்துவைக்கிறவருக்குச் சேர்க்கச் சேர்க்க நஷ்டம். விவரம் தெரிந்த நம் பெண்கள் என்ன செய்தார்கள்? தங்கம் வாங்கினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, தங்கள் உழைப்பு கரையாமல் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனால் தங்கம் நம் மண்ணில் பெரிதாக விளைவதில்லை, டாலர் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2011-12-லும் 2012-13-லும் ஆண்டுக்கு 50 பில்லியன் டாலருக்கு மேல் தங்கத்துக்குப் போனது. நம் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது சரக்கு, சேவை போன்ற வகைகளில் நாட்டுக்குள் வந்த டாலரைவிடக் கூடுதலாக வெளியே போன டாலர், 2012-13-ல் ஜி.டி.பி.யில் 4.8 சதவீதத்தைத் தொட்டது. அரசு தங்கத்தின் மீதான சுங்க வரியை 2012 தொடக்கத்தில் 2 சதவீதம், பிறகு 4, 6, 8 என்று ஏற்றி 2013 ஆகஸ்டில் 10 ஆக்கியது. பணவீக்கத்தால் வந்த நோய்க்குத் தங்கத்தின் மீது மருந்து பூசினார்கள்.

2011 கடைசியில் ஐரோப்பியக் கடன் நெருக்கடி பெரிதானபோது வெளிநாட்டுப் பணம் பின்வாங்கியது, டாலர் 50-ஐத் தாண்டியது. 2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பென் பெர்னான்கி, பணம் அச்சடித்துப் பத்திரம் வாங்குவதைக் குறைக்கப் போவதாகக் கோடிகாட்டினார். அந்த ஆகஸ்ட் 28-ம் தேதி டாலர் 68 ரூபாய் 80 காசு வரை போய் வந்தது. செய்தித்தாள்கள் எல்லாம் பெர்னான்கியின் பெயரைத்தான் எழுதின. அவர் பேசியது பொறி, உண்மைதான். அடியில் மூன்று நான்கு வருட விறகு காய்ந்து கிடந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்லவில்லை. அன்று அதிகம் அடிவாங்கிய ஐந்து நாணயங்களில் பிரேசில், துருக்கி, இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா நாணயங்களோடு நம்முடையதும் ஒன்று.

ரூபாய் இறங்கியதும் திருப்பூருக்குக் கொண்டாட்டம் என்று நினைக்க வேண்டாம். பருத்தி விலை உலகச் சந்தையோடு போவதால் நூல் விலையும் ரூபாயில் ஏறியது. இறக்குமதிச் சாயமும் டீசலும் ஏறின. கைக்கு வந்த கூடுதல் ரூபாயில் ஒரு பங்கு இப்படியே போய்விட்டது. (அந்த ஊருக்கு 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து வேறு கஷ்டங்களும் இருந்தன. எல்லாவற்றையும் டாலர் தலையில் கட்ட முடியாது.) டீசல் ஏறினால் திரும்பவும் விலைவாசி ஏறும். அதை அடக்காவிட்டால் இறங்கிய ரூபாயால் கிடைத்த சாதகம் ஓரிரு வருடத்தில் கரைந்து, மீண்டும் இறங்க வேண்டிய இடத்துக்கே வந்து நிற்கும். துருக்கியின் லிரா இந்தச் சுழலில் சிக்கிக்கொண்டதைக் கடந்த சில வருடங்களாகப் பார்க்கிறோம்.

இனி உங்கள் 2025 கேள்வி. நீங்கள் சொன்னது சரி. அந்த அக்டோபரில் நம் சில்லறைப் பணவீக்கம் கால் சதவீதம்தான், அமெரிக்காவில் 3 சதவீதத்தை ஒட்டி இருந்தது. என் பெருக்கலை மட்டும் நம்பினால் ரூபாய் ஏறியிருக்க வேண்டும். ஆனால் டிசம்பரில் டாலர் 90-ஐத் தாண்டியது. அந்த ஆகஸ்டிலிருந்து அமெரிக்கா நம் சரக்குகள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டது, வெளிநாட்டு முதலீட்டாளர்களும் நம் பங்குகளை விற்று வெளியேறினார்கள். விலைவாசி வித்தியாசம் தன் வேலையைக் காட்டப் பல வருடம் எடுத்துக்கொள்ளும். ஒரு வருடக் கணக்கில் முதலீட்டுப் பணத்தின் போக்குவரத்து அதைச் சுலபமாக மிஞ்சிவிடும்.

அதனால் நான் டாலர் விலையை மட்டும் பார்ப்பதில்லை. ரிசர்வ் வங்கி தன் மாத இதழில் REER என்று ஒரு எண் வெளியிடுகிறது. நம்மோடு வியாபாரம் செய்யும் 40 நாடுகளின் நாணயங்களோடு ரூபாயை ஒப்பிட்டு, விலைவாசி வித்தியாசத்தையும் கழித்துச் சொல்லும் எண். 2015-16-ல் இருந்த நிலை 100. அதற்கு மேலே ஏறிக்கொண்டே போனால் என் நண்பரின் பென்சில் கணக்கு நாடு முழுக்க இடிக்கிறது என்று பொருள். 2024 நவம்பரில் அது 108-ஐ எட்டியிருந்தது. 2025-ல் ரூபாய் இறங்கியதில் அந்தப் பழைய பாக்கி தீர்ந்ததும் ஒரு பங்கு.

நீண்ட காலத்திலும் கணக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. 2000-ல் டாலர் சுமார் 45 ரூபாய். அதிலிருந்து 2024 வரை இரண்டு நாட்டு விலைவாசியையும் வைத்துப் பெருக்கினால் டாலர் 100 ரூபாயைத் தொட்டிருக்க வேண்டும், இருந்ததோ 84-ஐ ஒட்டி. நம் தொழிற்சாலைகளும் மென்பொருள் கம்பெனிகளும் ஆளுக்கு ஆள் கூடுதலாக உற்பத்தி செய்யக் கற்றுக்கொண்டதால் ஏறிய கூலியில் ஒரு பகுதியைத் தாங்க முடிந்தது. திருப்பூர்க் கணக்கில் சொன்னால், கூலி 19 சதவீதம் ஏறினாலும் அதே டெய்லர் அதே எட்டு மணி நேரத்தில் பத்து பீஸ் கூடுதலாகத் தைத்துக் கொடுத்தால் பீஸுக்கான அடக்கம் அவ்வளவு ஏறாது. அப்போது டாலர் 51-க்குப் போகாமல் 48-லேயே நின்றாலும் அவர் பிழைத்துக்கொள்வார்.

அன்புடன்.